நாலு பாட்டில், லேபிள் இல்ல: எது ஆல்கஹால், எது ஃபீனால், எது ஆல்டிஹைடு, எது கீட்டோன்?

மேசை மேல நாலு பாட்டில் இருக்கு, லேபிள் ஒண்ணுலயும் இல்ல. ஒண்ணுல எத்தனால், ஒண்ணுல ஃபீனால், ஒண்ணுல பென்சால்டிஹைடு, ஒண்ணுல அசிட்டோன், ஆனா எது எதுலன்னு தெரியாது. சாதாரண டெஸ்ட் ட்யூப் டெஸ்ட் அஞ்சாறு வச்சு பிரிச்சு சொல்லணும், அது மட்டும் இல்லாம ஒவ்வொரு டெஸ்ட்டும் போடுறதுக்கு முன்னாடியே "இதுல இது வரும், அதுல வராது"ன்னு சொல்லிட்டு போடணும். இந்த நாலையும் வேணும்னே எடுத்திருக்கேன், ஏன்னா இதுல மூணு, மனப்பாடம் பண்ண டேபிளை மட்டும் நம்பி வர்றவங்களை எங்கயாவது ஒரு இடத்துல ஏமாத்தும், ஃபீனால் மட்டும்தான் கொஞ்சம் நேர்மையானது.

ட்யூஷன்ல பசங்க கிட்ட நான் அடிக்கடி பாக்குறது என்னன்னா, "டோலன்ஸ்னா ஆல்டிஹைடு, லூகாஸ்னா ஆல்கஹால், அயோடோஃபார்ம்னா கீட்டோன்"னு ஜோடி ஜோடியா மனப்பாடம் பண்ணிடுவாங்க. அப்புறம் எத்தனால்ல அயோடோஃபார்ம் பாசிட்டிவ் வந்ததும், பாட்டில் மாறிப்போச்சோன்னு சந்தேகப்படுவாங்க. பாட்டில் மாறல. ரியேஜன்ட்டுக்கு "கீட்டோன்"ங்குற பேரே தெரியாது, அதுக்கு தெரிஞ்சது மூலக்கூறுல ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும்தான், அந்த இடம் இருந்தா அது வேலை செய்யும், இல்லன்னா சும்மா இருக்கும். அதனால ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரே கேள்விதான்: இந்த ரியேஜன்ட் எதை தேடுது?

சரி, இந்த நாலு குடும்பத்துலயும் தேடுற மாதிரி என்ன இருக்குன்னு பாத்துடலாம். ஆல்கஹால்ல OH ஒரு சாதாரண கார்பன்ல உக்காந்திருக்கும், ரிங் கார்பன்ல இல்ல. ஃபீனால்லயும் அதே OH தான், ஆனா நேரா பென்சீன் ரிங்க்ல ஒட்டியிருக்கும், அதனால அதோட ஹைட்ரஜனை கொஞ்சம் சுலபமா விட்டுக்கொடுத்துடும், ஏன்னா விட்ட பிறகு வர்ற நெகட்டிவ் சார்ஜை ரிங் பகிர்ந்துக்கும். ஆல்டிஹைடுலயும் கீட்டோன்லயும் C=O இருக்கு, வித்தியாசம் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான். ஆல்டிஹைடுல அந்த C=O கார்பன் மேலயே ஒரு H இருக்கும், கீட்டோன்ல ரெண்டு பக்கமும் கார்பன். இவ்வளவுதான், இனிமே வர்ற எல்லா டெஸ்ட்டும் இந்த வித்தியாசங்கள்ல ஏதாவது ஒண்ணை புடிச்சு இழுக்குறதுதான்.

ரியேஜன்ட் எடுக்கறதுக்கு முன்னாடி தண்ணில கரையுதான்னு பாத்துடுங்க. ஒரு ட்யூப்ல 2 மில்லி தண்ணி, அதுல அஞ்சு சொட்டு. எத்தனாலும் அசிட்டோனும் எவ்வளவு ஊத்தினாலும் தண்ணியோட கலந்துடும். பென்சால்டிஹைடு கிட்டத்தட்ட கரையாது, எண்ணெய் சொட்டு மாதிரி அடில போய் உக்காரும், பாதாம் எசன்ஸ் மாதிரி ஒரு வாசனை வேற அடிக்கும் (மூக்கை பாட்டில் கிட்ட கொண்டு போகாதீங்க, கையால காத்தை விசிறி மோந்து பாருங்க). ஃபீனால் ரூம் டெம்பரேச்சர்ல திடப்பொருள், கிட்டத்தட்ட 41 டிகிரிலதான் உருகும், ஆனா கொஞ்சம் ஈரம் பட்டாலே திரவமா மாறிடும், பழைய பாட்டில்னா பிங்க் கலர் ஏறியிருக்கும். தோல்ல பட்டா வெள்ளையா ஆகி புண்ணாகும், மரத்துப்போற தன்மை இருக்கறதால முதல்ல வலி கூட தெரியாது, அதனால க்ளவுஸ் போட்டுக்கிட்டுதான் தொடணும்.

வாசனையும் கரையுறதும் வெறும் துப்பு மட்டும்தான், ஆதாரம் இல்ல. இனிமே வர்றதுதான் ஆதாரம்.

முதல்ல ஃபீனாலை பிரிச்சு எடுத்துடுங்க

ஏன் முதல்லன்னு கேட்டா, ஃபீனால் மத்த டெஸ்ட்டுகள்ல குழப்பம் பண்ணும். உதாரணத்துக்கு ரெண்டு OH இருக்கற ஹைட்ரோகுயினோன் மாதிரி ஃபீனால் டோலன்ஸ் ரியேஜன்ட்டையே கருப்பாக்கிடும், நீங்க அதை ஆல்டிஹைடுன்னு எழுதிடுவீங்க. அதனால ஃபீனாலா இல்லையான்னு முடிவு பண்ணிட்டுதான் மேல போகணும்.

டெஸ்ட் என்னன்னா நியூட்ரல் ஃபெரிக் குளோரைடு. பொருளை ஒரு சிட்டிகையோ ரெண்டு சொட்டோ 2 மில்லி தண்ணில கரைச்சு, அதுல நியூட்ரல் FeCl3 ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, அதுக்கு மேல வேணாம். ஃபீனாலா இருந்தா உடனே ஊதா கலர். ரியேஜன்ட் இங்க தேடுறது ரிங்க்ல ஒட்டின OH. அது ஹைட்ரஜனை விட்டு நெகட்டிவ் ஆனதும் அந்த ஆக்சிஜன் இரும்பு அயனைப் போய் புடிச்சுக்கும், அந்த காம்ப்ளக்ஸோட கலர்தான் நமக்கு தெரியுறது. எத்தனால்லயும் OH இருக்கு, ஆனா அது தண்ணில ஹைட்ரஜனை விடவே விடாது, ஃபீனாலோட pKa 10, எத்தனாலோடது 16, அதாவது அமிலத்தன்மைல பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். அதனால எத்தனால்ல கலர் வராது, வெறும் ரியேஜன்ட்டோட மஞ்சள் மட்டும் தெரியும். பென்சால்டிஹைடுலயும் அசிட்டோன்லயும் OH-ஏ இல்ல, அங்கயும் மஞ்சள்தான்.

"நியூட்ரல்"ங்குற வார்த்தையை பல பேர் அப்படியே தாண்டி போயிடுவாங்க, ஆனா இந்த டெஸ்ட் தப்பா போறதே இங்கதான். பாட்டில்ல இருக்கற FeCl3 கரைசல் எப்பவுமே அமிலமாத்தான் இருக்கும், வீழ்படிவு விழாம இருக்க HCl வேற சேர்த்திருப்பாங்க. அமிலம் அதிகமா இருந்தா ஃபீனாலோட ஹைட்ரஜன் கழண்டே வராது, அது வரலன்னா இரும்பை புடிக்க ஆள் இல்ல, கலரும் இல்ல. அதனால FeCl3 கரைசல்ல நீர்த்த அம்மோனியாவை சொட்டு சொட்டா விட்டு, லேசா ஒரு பழுப்பு வீழ்படிவு விழுந்து மறையாம நிக்குற வரைக்கும் கொண்டு வந்து, அதை வடிகட்டி, தெளிவா வர்ற கரைசலை எடுக்கணும். அம்மோனியா அதிகமாயிட்டா இரும்பு முழுசும் வீழ்படிவா போயிடும், மிச்சம் வெறும் தண்ணி, அப்பவும் கலர் வராது. அதனால தெரிஞ்ச ஃபீனாலை வச்சு ஒரு ட்யூப் போட்டுப் பாத்துட்டுதான் தெரியாததை போடணும், தெரிஞ்சதுலயே ஊதா வரலன்னா தப்பு ரியேஜன்ட்லதான்.

இன்னொண்ணு, எல்லா ஃபீனாலும் ஊதா தராது. கிரெசால் நீலம் கலந்து வரும், கேட்டகால் பச்சை. அதனால "ஊதா வரல, பச்சைதான் வந்துது, அப்ப நெகட்டிவ்"னு எழுதிடாதீங்க, மஞ்சள்ல இருந்து தெளிவா மாறினாலே பாசிட்டிவ்தான். மறுபக்கம், எத்தில் அசிட்டோஅசிட்டேட் மாதிரி ஈனால் வடிவத்துக்கு சுலபமா மாறுற பொருளும் கலர் தரும், அது ஃபீனால் கிடையாது. ஆனா காரணம் அதேதான், அங்கயும் இரட்டைப் பிணைப்பு கார்பன்ல ஒட்டின OH இருக்கு.

உறுதிப்படுத்த ப்ரோமின் வாட்டர் போடலாம், ஃபீனால்ல சட்டுனு வெள்ளை வீழ்படிவு விழும், அது 2,4,6-ட்ரைப்ரோமோஃபீனால். ஆனா அனிலின்லயும் இதே மாதிரி விழும், அதனால இது தனியா ஆதாரம் ஆகாது, ஃபெரிக் குளோரைடுக்கு துணைக்கு மட்டும்.

லிட்மஸ் பத்தியும் ஒரு வார்த்தை. ஃபீனால் நீல லிட்மஸை லேசா சிவப்பாக்கும், ஆனா சோடியம் பைகார்பனேட்ல நுரை வராது, ஏன்னா கார்பானிக் அமிலத்தை விட ஃபீனால் பலவீனமானது, அதை விரட்டி CO2-வை வெளிய தள்ள இதுக்கு சக்தி இல்ல. இதை வச்சு கார்பாக்சிலிக் அமிலத்தையும் ஃபீனாலையும் பிரிக்கலாம். இங்கதான் பென்சால்டிஹைடு ஒரு விளையாட்டு காட்டும். அது காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து தானாவே பென்சாயிக் அமிலமா மாறிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை எனக்கு வந்த பென்சால்டிஹைடு பாட்டில் வாயில வெள்ளை வெள்ளையா படிகம் ஒட்டியிருந்துது, லிட்மஸ் பளிச்சுனு சிவப்பு, பைகார்பனேட்ல நுரை கூட வந்துது. படிச்சதை அப்படியே நம்பினா அது கார்பாக்சிலிக் அமிலம்னுதான் எழுதணும். ஆனா பாதாம் வாசனை அடிக்குது, தண்ணில கரையாம எண்ணெய் மாதிரி தனியா நிக்குது, அதனால அந்த திரவத்தை பைகார்பனேட் கரைசலோட நல்லா குலுக்கி, அமிலம் உப்பா மாறி தண்ணிக்கு போனதும், மிச்சம் இருந்த எண்ணெய் அடுக்கை தனியா எடுத்து டெஸ்ட் போட்டேன், அப்ப சுத்தமான ஆல்டிஹைடு மாதிரி நடந்துக்கிச்சு.

அடுத்து C=O இருக்கா இல்லையா

இப்ப மூணு பாட்டில் மிச்சம். இதுக்கு 2,4-டைநைட்ரோஃபினைல்ஹைட்ரசின், சுருக்கமா 2,4-டிஎன்பி, பிராடி ரியேஜன்ட்னும் சொல்லுவாங்க, நம்ம ப்ராக்டிகல் நோட்ல போர்ஷே ரியேஜன்ட்னு எழுதியிருக்கும், எல்லாம் ஒண்ணுதான். பொருள் ரெண்டு சொட்டை ஒரு மில்லி ஆல்கஹால்ல கரைச்சு (பென்சால்டிஹைடு தண்ணில கரையாதுல்ல, அதுக்குத்தான்), ரியேஜன்ட் 2 மில்லி விட்டு நல்லா குலுக்குங்க. மஞ்சள்ல இருந்து ஆரஞ்சு சிவப்பு வரைக்கும் ஏதோ ஒரு கலர்ல கெட்டியா வீழ்படிவு விழுந்தா பாசிட்டிவ். உடனே வரலன்னா லேசா சூடு காட்டி அஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க.

ரியேஜன்ட் தேடுறது C=O, ஆனா ஆல்டிஹைடு அல்லது கீட்டோனோட C=O மட்டும். அதோட NH2 முனை போய் அந்த கார்பனை தாக்கும், தண்ணி ஒண்ணு வெளிய போகும், C=O இருந்த இடத்துல C=N வந்துடும். அமிலத்துலயும் எஸ்டர்லயும் C=O இருந்தாலும் பக்கத்துல இருக்கற ஆக்சிஜன் எலக்ட்ரான் கொடுத்து அந்த கார்பனை சாந்தப்படுத்திடும், அதனால அங்க வீழ்படிவு விழாது. நம்ம மூணு பாட்டிலுக்கு ஊகம் இப்ப சுலபம்: அசிட்டோன் பாசிட்டிவ், பென்சால்டிஹைடு பாசிட்டிவ், எத்தனால் நெகட்டிவ். அசிட்டோன்ல மஞ்சள் ஆரஞ்சா வரும், பென்சால்டிஹைடுல ரிங்கும் C=N-ம் தொடர்ச்சியா சேர்ந்துடுறதால கலர் ஆரஞ்சு சிவப்பு பக்கம் நகரும். கலரை மட்டும் வச்சு பேரை முடிவு பண்ணாதீங்க, ரியேஜன்ட்டே ஆரஞ்சாத்தான் இருக்கும். உருகுநிலை பாக்குற வசதி இருந்தா அது நம்பகமானது, அசிட்டோனோட வீழ்படிவு 126 டிகிரில உருகும், பென்சால்டிஹைடோடது 237-ல, இந்த ரெண்டையும் மாத்தி எழுதவே முடியாது.

இந்த டெஸ்ட்ல நான் பட்ட ஒரு பாடத்தை சொல்லியே ஆகணும். படிக்குறப்போ எனக்கு எத்தனால்ல மஞ்சள் வீழ்படிவு வந்துது. ரெண்டு தடவை போட்டேன், ரெண்டு தடவையும் வந்துது. அப்புறம்தான் கவனிச்சேன், சீக்கிரம் காயணும்னு ட்யூபை எல்லாம் அசிட்டோன் விட்டு அலசி வச்சிருந்தாங்க. ட்யூப் சுவத்துல ஒட்டியிருந்த அந்த கொஞ்சூண்டு அசிட்டோன் போதும், டிஎன்பிக்கு ஒரு சொட்டே அதிகம். அதனால எப்பவும் பொருளே போடாம, அதே ட்யூப், அதே ஆல்கஹால், அதே ரியேஜன்ட் வச்சு ஒரு வெறும் டெஸ்ட் போட்டுப் பாருங்க. அதுல வீழ்படிவு வந்தா உங்க ட்யூபோ கரைப்பானோ அழுக்கு. இதே காரணத்தாலதான் கரைப்பானா அசிட்டோன் பயன்படுத்தவே கூடாது. பழைய ஆல்கஹால்லயும் காத்து பட்டு கொஞ்சம் ஆல்டிஹைடு சேர்ந்திருக்கும், அதுல லேசா கலங்கினா அது பாசிட்டிவ் இல்ல, நல்ல பாசிட்டிவ்னா ட்யூப் முழுக்க கெட்டியா நிரம்பும்.

ஆல்டிஹைடா கீட்டோனா

இதுதான் எல்லாருக்கும் புடிச்ச டெஸ்ட், டோலன்ஸ். இது தேடுறது C=O கார்பன் மேல இருக்கற அந்த ஒரு ஹைட்ரஜன். அது இருந்தா ஆல்டிஹைடு ஆக்சிஜனை வாங்கிக்கிட்டு அமில உப்பா மாறும், பதிலுக்கு வெள்ளி அயன் எலக்ட்ரான் வாங்கி வெள்ளி உலோகமா கண்ணாடில படியும்.

RCHO + 2[Ag(NH3)2]⁺ + 3OH⁻ → RCOO⁻ + 2Ag + 4NH3 + 2H2O

கீட்டோன்ல அந்த ஹைட்ரஜன் இல்ல, அமிலமா மாறணும்னா கார்பன் கார்பன் பிணைப்பையே உடைக்கணும், அது இந்த மெல்லிய ரியேஜன்ட்டால முடியாது. அதனால அசிட்டோன்ல எதுவும் நடக்காது, பென்சால்டிஹைடுல கண்ணாடி வரும்.

செய்முறைய கொஞ்சம் மெதுவா சொல்றேன், ஏன்னா பாதி பேருக்கு கண்ணாடிக்கு பதிலா கருப்பு சேறுதான் வருது. ட்யூபை முதல்ல சோப்பு போட்டு, அப்புறம் சூடான NaOH கரைசல் விட்டு, கடைசில டிஸ்டில்டு வாட்டர் விட்டு நல்லா கழுவுங்க, எண்ணெய் பிசுக்கு இருந்தா வெள்ளி ஒட்டாது. 5 சதவீத சில்வர் நைட்ரேட் 1 மில்லி, அதுல 10 சதவீத NaOH ஒரே ஒரு சொட்டு, உடனே பழுப்பு வீழ்படிவு வரும், அது சில்வர் ஆக்சைடு. இப்ப நீர்த்த அம்மோனியாவை சொட்டு சொட்டா விட்டு குலுக்கிக்கிட்டே இருங்க, வீழ்படிவு மறையுற அந்த நிமிஷமே நிறுத்திடணும். அம்மோனியா அதிகமானா வெள்ளியை அது கெட்டியா புடிச்சு வச்சுக்கும், டெஸ்ட் மந்தமாயிடும். அப்புறம் பொருள் ரெண்டே சொட்டு, ஒரு அஞ்சு நிமிஷம் 60 டிகிரி வாட்டர் பாத்ல அசைக்காம வைங்க. நேரா தீயில காட்டாதீங்க. பென்சால்டிஹைடு கரையாததால மெதுவாத்தான் வரும், கூட ரெண்டு சொட்டு ஆல்கஹால் விட்டா சுலபமாகும். கண்ணாடி வரலன்னாலும் சாம்பல் கருப்பா வெள்ளித்தூள் வந்தா அதுவும் பாசிட்டிவ்தான், ட்யூப் அழுக்குன்னு அர்த்தம்.

டெஸ்ட் முடிஞ்சதும் ரியேஜன்ட்டை மூடி வச்சு நாளைக்கு பயன்படுத்தலாம்னு நினைக்கவே கூடாது. தங்கிட்டா அதுல வெடிக்கிற வெள்ளி சேர்மம் உருவாகும், காய்ஞ்சா தொட்டாலே வெடிக்கும். அன்னன்னைக்கு வேணுங்குற அளவு மட்டும் கலக்கி, முடிஞ்சதும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அழிச்சுட்டு, வெள்ளி கழிவுக்குன்னு வச்சிருக்கற பாட்டில்ல ஊத்திடணும்.

இப்ப ஃபெலிங். A கரைசல் காப்பர் சல்பேட், B கரைசல் ரோஷெல் உப்பும் NaOH-ம், ரெண்டையும் சமமா ஒவ்வொரு மில்லி கலந்தா கரு நீலம், அதுல பொருள் விட்டு கொதிக்கிற தண்ணில வச்சா ஆல்டிஹைடு இருந்தா செங்கல் சிவப்புல காப்பர்(I) ஆக்சைடு வரும். "ஃபெலிங்கும் ஆல்டிஹைடைத்தான் தேடுது, அப்ப பென்சால்டிஹைடுல சிவப்பு வரும்"னு சொல்றவங்கதான் அதிகம். வராது. நீலம் அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். கார நீர்க்கரைசல்ல ஆல்டிஹைடு நேரடியா ஆக்சிஜனேற்றம் ஆகுறதில்ல, முதல்ல தண்ணியோ ஹைட்ராக்சைடோ C=O மேல ஏறி ஒரு இடைநிலை வடிவம் வரணும், அதுதான் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். பென்சால்டிஹைடுல C=O-வோட கார்பனுக்கு ரிங் எலக்ட்ரான் ஊட்டிக்கிட்டே இருக்கறதால அது தண்ணியை லேசுல ஏத்துக்காது. வெள்ளி அயனுக்கு எலக்ட்ரான் மேல பசி அதிகம், அதனால அந்த கொஞ்சம் இடைநிலை வடிவமே டோலன்ஸுக்கு போதும். தாமிரத்துக்கு அவ்வளவு பசி கிடையாது, அது வேலைய முடிக்காது. அசிட்டால்டிஹைடு, ப்ரோப்பியோனால்டிஹைடு மாதிரி ரிங் இல்லாததுல இந்த தடை இல்ல, அதுல சிவப்பு வரும். அதனால டோலன்ஸ் பாசிட்டிவ் ஃபெலிங் நெகட்டிவ்னா "டெஸ்ட் தப்பாயிடுச்சு"ன்னு எழுதாதீங்க, அது ரிங் மேல ஒட்டின ஆல்டிஹைடுன்னு உங்களுக்கு கூடுதலா ஒரு தகவல் கிடைச்சிருக்கு.

ஃபெலிங்க்ல இன்னொரு எச்சரிக்கை, ஃப்ரக்டோஸ் கீட்டோனா இருந்தும் சிவப்பு தரும். C=O-வுக்கு பக்கத்து கார்பன்லயே OH இருந்தா, காரத்துல அது உருமாறி ஆல்டிஹைடு மாதிரி நடந்துக்கும்.

மிச்சம் இருக்கறது எத்தனால், ஆனா நிரூபிக்கணும்ல

மத்த எல்லாத்துலயும் நெகட்டிவ் வந்ததால இது ஆல்கஹால்தான்னு சொல்லிட முடியாது, ஈதரா இருந்தாலும் எல்லாம் நெகட்டிவ்தான் வரும். ஆல்கஹாலுக்குன்னு ஒரு பாசிட்டிவ் வேணும். அதுக்கு செரிக் அம்மோனியம் நைட்ரேட் நல்லது, ரியேஜன்ட் மஞ்சள், ஆல்கஹால் ரெண்டு மூணு சொட்டு விட்டதும் சிவப்பாயிடும். ஆல்கஹாலோட OH போய் சீரியம் அயனோட சேர்றதுதான் காரணம். கொஞ்ச நேரத்துல அந்த சிவப்பு வெளுத்துடும், ஏன்னா சீரியம் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் பண்ணிடும், அதனால போட்ட உடனே பாருங்க. ஃபீனால்ல இதே டெஸ்ட் பழுப்போ கரும்பச்சையோ தரும். அசிட்டோன்ல OH இல்ல, மஞ்சள் மாறாது.

இந்த ஆல்கஹால் எந்த வகைன்னு தெரியணும்னா லூகாஸ். நீரற்ற ஜிங்க் குளோரைடை அடர் HCl-ல கரைச்சது. இது தேடுறது OH-ஐ மட்டும் இல்ல, OH கழண்டு போன பிறகு அந்த கார்பன் பாசிட்டிவா தாக்குப்புடிக்குமாங்குறதை. மூன்றாம்நிலைன்னா சுத்தி மூணு கார்பன் ஆதரவு இருக்கு, உடனே கலங்கும். இரண்டாம்நிலை ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்துக்கும். முதல்நிலைல ரூம் டெம்பரேச்சர்ல தெளிவாவே இருக்கும், எத்தனால் அப்படித்தான். கலங்கறது ஏன்னா உருவாகுற ஆல்கைல் குளோரைடு கரையாது, அதனால தண்ணில நல்லா கரையுற சின்ன ஆல்கஹாலுக்குத்தான் இந்த டெஸ்ட் அர்த்தமுள்ளது, பெரிய ஆல்கஹால் ஆரம்பத்துலயே கலங்கி நிக்கும், அப்ப எதை வச்சு சொல்லுவீங்க?

கடைசியா அயோடோஃபார்ம். நாலஞ்சு சொட்டு பொருள், 2 மில்லி தண்ணி, 10 சதவீத NaOH 1 மில்லி, அப்புறம் அயோடின்-KI கரைசலை லேசான மஞ்சள் நிக்குற வரைக்கும் சொட்டு சொட்டா. வரலன்னா 60 டிகிரில கொஞ்சம் சூடு. மஞ்சள் படிகமும், ஆஸ்பத்திரி காயத்துக்கு கட்டு போடுற இடத்துல அடிக்கிற அந்த வாசனையும் வந்தா பாசிட்டிவ். இது தேடுறது C=O-வுக்கு பக்கத்துல ஒரு CH3, அதாவது CH3CO-. அசிட்டோன்ல அது நேரடியா இருக்கு. எத்தனால்ல CH3CH(OH)- இருக்கு, அதை அயோடினே முதல்ல ஆக்சிஜனேற்றம் பண்ணி CH3CHO ஆக்கிடும், அப்புறம் அதுல அயோடோஃபார்ம் வரும். அதனால எத்தனால், அசிட்டோன் ரெண்டும் பாசிட்டிவ், பென்சால்டிஹைடு நெகட்டிவ், ஏன்னா அதுல CH3-ஏ கிடையாது. மெத்தனால்லயும் வராது, முதல்நிலை ஆல்கஹால்ல எத்தனால் மட்டும்தான் விதிவிலக்கு, ஆல்டிஹைடுல அசிட்டால்டிஹைடு மட்டும். இந்த டெஸ்ட்டை ஆல்கஹாலையும் கீட்டோனையும் பிரிக்க பயன்படுத்தாதீங்க, அதுக்கு டிஎன்பி இருக்கு.

இதே யோசனையை வேற ஒரு ஜோடில போட்டுப் பாக்கலாம். பென்சைல் ஆல்கஹாலும் பாரா-கிரெசாலும், ரெண்டுமே C7H8O, ரெண்டுலயும் ரிங் இருக்கு, OH இருக்கு. ஆனா கிரெசால்ல OH ரிங்க் மேல, பென்சைல் ஆல்கஹால்ல ரிங்குக்கு வெளிய இருக்கற CH2 மேல. அப்ப ஃபெரிக் குளோரைடு கிரெசால்ல மட்டும் நீலம் தரணும், அப்படித்தான் தரும். கிரெசால் NaOH-ல கரைஞ்சு உப்பாயிடும், பென்சைல் ஆல்கஹாலுக்கு NaOH-ல போறதால தனி லாபம் எதுவும் இல்ல. லூகாஸ்ல பென்சைல் ஆல்கஹால் முதல்நிலைதானே, தெளிவா இருக்கணும்னு தோணும், ஆனா ரியேஜன்ட் தேடுறது கார்பன் பாசிட்டிவா நிக்குமான்னுதான், இங்க ரிங்கே பக்கத்துல நின்னு அந்த சார்ஜை பகிர்ந்துக்குது, அதனால மூன்றாம்நிலை மாதிரி வேகமா வினை புரியும். டிஎன்பி ரெண்டுலயும் நெகட்டிவ் வரணும், பென்சைல் ஆல்கஹால் பாட்டில் பழசா இருந்தா லேசா ஆரஞ்சு கலங்கல் தெரியலாம், அது அதுல கலந்த பென்சால்டிஹைடு.

பென்டன்-2-ஓனும் பென்டன்-3-ஓனும் ரெண்டுமே கீட்டோன், டிஎன்பி ரெண்டுலயும் பாசிட்டிவ், டோலன்ஸ் ரெண்டுலயும் நெகட்டிவ். முதலாவதுல C=O-வோட ஒரு பக்கம் CH3 ஒட்டியிருக்கு, ரெண்டாவதுல ரெண்டு பக்கமும் CH2CH3. அயோடோஃபார்ம் போட்டா முதலாவதுல மஞ்சள் படிகம் விழும், ரெண்டாவது தெளிவா அப்படியே இருக்கும்.